கட்டைவிரல் மறைத்த எண்கள்

பரீட்சைக்கு முந்தின நாள் இரவு கல்லூரி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். விரித்த புத்தகத்தை ஒரு கை பிடித்திருக்கும், மறு கை படம் எடுத்திருக்கும். டியூப்லைட் வெளிச்சம் தாளின் நடுவில் வெள்ளையாகத் தெறித்திருக்கும். புத்தகம் மடியும் இடத்தில் எண்கள் வளைந்து போயிருக்கும். அட்டவணையின் ஓரத்தில் கட்டைவிரல் நுனி ஒன்று உட்கார்ந்திருக்கும். அடியில் ஒரு வரி: "இதுக்கு கை-ஸ்கொயர் போடணும், யாராவது சொல்லுங்க."

பாடப்புத்தகம் கை-வர்க்கச் சோதனை என்று சொல்வதைத்தான் வகுப்பில் கை-ஸ்கொயர் என்கிறார்கள். இதைப் போடத் திணறுகிறவர்கள் பெரும்பாலும் பெருக்கல் வகுத்தலில் திணறுவதில்லை. எதிர்பார்க்கும் எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது, 'டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்' என்று ஆசிரியர் சொல்லும் அந்த எண் எதை எண்ணுகிறது, இந்த இரண்டு இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு, படத்தில் தெரியாமல் விழுந்த அந்தக் கட்டைவிரலே நல்ல விடை தரும்.

அப்படி வந்த படத்தில் டைட்டானிக் அட்டவணை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் கப்பல் மூழ்கியது. பிரிட்டிஷ் அரசு மெர்சி பிரபுவின் தலைமையில் விசாரணை நடத்தி, அதே ஆண்டு ஜூலையில் அறிக்கை வெளியிட்டது. கப்பலில் இருந்தவர்கள் 2,201 பேர், பிழைத்தவர்கள் 711 பேர் என்பது அந்த அறிக்கையின் கணக்கு. வேறு கணக்குகளில் சில எண்கள் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும், புள்ளியியல் வகுப்புகளில் புழங்குவது இந்தக் கணக்குதான்.

| | பிழைத்தவர் | இறந்தவர் | மொத்தம் |
|---|---|---|---|
| முதல் வகுப்பு | 203 | 122 | 325 |
| இரண்டாம் வகுப்பு | 118 | 167 | 285 |
| மூன்றாம் வகுப்பு | 178 | 528 | 706 |
| ஊழியர் | 212 | 673 | 885 |
| மொத்தம் | 711 | 1,490 | 2,201 |

படத்திலிருந்து எண்களைத் தாளில் எழுதியதும் கணக்கில் இறங்கிவிடக் கூடாது. முதலில் கூட்டிப் பார்க்க வேண்டும். மங்கலான படத்தில் 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும், 1-ம் 7-ம் அப்படியே. முதல் கட்டத்தில் இருக்கும் 203-ஐ ஒருவர் 208 என்று படித்துவிட்டார் என்றால், பிழைத்தவர் பத்தியைக் கூட்டும்போது 711-க்குப் பதில் 716 வரும். முதல் வரிசையைக் கூட்டினால் 325-க்குப் பதில் 330 வரும். இரண்டிலும் ஐந்து கூடுதல். தவறிய வரிசையும் தவறிய பத்தியும் குறுக்கே வெட்டும் கட்டம்தான் தவறாகப் படித்த கட்டம். எவ்வளவு தவறு என்பதும் கையிலேயே இருக்கிறது. ஒரு வரிசை மட்டும் தவறி, பத்திகள் இரண்டும் சரியாக வந்தால், உள்ளே இருக்கும் எண்ணில் கோளாறு இல்லை. ஓரத்தில் இருக்கும் அந்த வரிசையின் மொத்தத்தையே தவறாகப் படித்திருக்கிறோம். பழைய கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரிந்த இன்னொரு அடையாளமும் இங்கே உதவும். வித்தியாசம் ஒன்பதாக, அல்லது ஒன்பதின் மடங்காக வந்தால், 167-ஐ 176 என்று எழுதியதுபோல இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள்.

மொத்த வரிசை படத்தில் விழாமல் போயிருந்தால் நாமே கூட்டிக்கொள்ளலாம். சோதனைக்கு அது போதும். ஆனால் தவறாகப் படித்த எண்ணைக் காட்டிக்கொடுக்க அப்போது எதுவும் இருக்காது. அப்படிப்பட்ட படத்தை ஓரங்களும் விழும்படி மறுபடி எடுத்து அனுப்பச் சொல்வதே மேல்.

எண்கள் சரி. இப்போது கேள்வி: எந்த வகுப்பில் பயணம் செய்தார் என்பதற்கும் பிழைத்தாரா இல்லையா என்பதற்கும் தொடர்பு உண்டா? முதல் வகுப்பில் நூற்றுக்கு 62 பேர் பிழைத்தார்கள், மூன்றாம் வகுப்பில் நூற்றுக்கு 25 பேர்தான். பார்த்தாலே தெரிகிறதே என்று தோன்றும். ஆனால் எந்த அட்டவணையிலும் வகுப்புக்கு வகுப்பு எண்கள் அச்சுப் பிசகாமல் ஒரே விகிதத்தில் வராது. தற்செயலாகவே கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அந்தத் தற்செயல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் அளவு வேண்டும்.

அதற்காகக் கற்பனையில் இன்னொரு அட்டவணை போடுகிறார்கள். வகுப்புக்கும் உயிருக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு கப்பல் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். அதிலும் அதே 2,201 பேர், அதில் 711 பேர் பிழைக்கிறார்கள், அதாவது நூற்றுக்கு சுமார் 32.3 பேர். தொடர்பே இல்லை என்றால் எல்லா வகுப்பிலும் இதே 32.3 சதவீதம் பிழைத்திருக்க வேண்டும். முதல் வகுப்பில் 325 பேர். அதில் 32.3 சதவீதம் சுமார் 105. இதுதான் அந்தக் கட்டத்தின் எதிர்பார்க்கும் எண்ணிக்கை.

புத்தகத்தில் இருக்கும் சூத்திரம் இதையே சுருக்கிச் சொல்கிறது. கட்டம் இருக்கும் வரிசையின் மொத்தத்தையும், அது இருக்கும் பத்தியின் மொத்தத்தையும் பெருக்கி, எல்லாவற்றின் மொத்தத்தால் வகுக்க வேண்டும். 325-ஐ 711-ஆல் பெருக்கினால் 2,31,075. அதை 2,201-ஆல் வகுத்தால் 104.99. இதே முறையில் பிழைத்தவர் பத்தியில் இரண்டாம் வகுப்புக்கு 92.06, மூன்றாம் வகுப்புக்கு 228.06, ஊழியருக்கு 285.89 வருகின்றன. இறந்தவர் பத்திக்குத் தனியாகப் பெருக்க வேண்டியதுகூட இல்லை. முதல் வகுப்பு மொத்தம் 325-லிருந்து 104.99-ஐக் கழித்தால் 220.01. மற்றவை 192.94, 477.94, 599.11.

இந்த எண்களைப் பார்த்ததும் பலருக்கு ஒரு நெருடல் வரும். 104.99 மனிதர்கள் எப்படி இருக்க முடியும் என்று 105 ஆக்கிவிடுவார்கள். ஆக்க வேண்டாம். இது ஆட்களை எண்ணி வந்த கணக்கு இல்லை, சராசரியாக வந்த கணக்கு. இதைவிடக் கெடுதல் 32.3-ஐ 32 என்று தொடக்கத்திலேயே சுருக்கிவிடுவது. அப்போது எதிர்பார்க்கும் எண்ணிக்கைகளைக் கூட்டினால் 711-க்குப் பதில் 704 சொச்சம்தான் வரும். சரியாகப் போட்டால் எதிர்பார்க்கும் அட்டவணையின் ஓர மொத்தங்களும் உண்மை அட்டவணையின் ஓர மொத்தங்களும் ஒன்றேதான். 104.99, 92.06, 228.06, 285.89 நான்கையும் கூட்டினால் 711.00. இரண்டு தசமத்தோடு எழுதும்போது சில அட்டவணைகளில் 0.01 அளவு முன்பின்னாக வரலாம். அதற்கு மேல் இடித்தால் எங்கோ பிழை இருக்கிறது.

இனி நடந்ததையும் எதிர்பார்த்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதல் வகுப்பில் சுமார் 105 பேர் பிழைத்திருக்க வேண்டியது, 203 பேர் பிழைத்தார்கள். 98 பேர் கூடுதல். இரண்டாம் வகுப்பில் 26 பேர் கூடுதல். மூன்றாம் வகுப்பில் 50 பேர் குறைவு, ஊழியரில் 74 பேர் குறைவு. கூடுதலும் குறைவும் சேர்ந்து பூஜ்யமாகிவிடும், ஏனென்றால் மொத்தம் ஒன்றுதான். அதனால் வித்தியாசங்களை அப்படியே கூட்டிப் பயன் இல்லை. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்துகிறார்கள். பிறகு அந்தந்தக் கட்டத்தின் எதிர்பார்க்கும் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள்.

ஏன் வகுக்க வேண்டும்? 228 பேரை எதிர்பார்த்த இடத்தில் 50 பேர் குறைவது ஒரு விஷயம். 60 பேரை எதிர்பார்த்த இடத்தில் 50 பேர் குறைந்தால் அது வேறு விஷயம். பெரிய எண்ணிக்கை இயல்பாகவே அதிகம் ஆடும். அந்த ஆட்டத்துக்கு ஏற்றபடி எடை போடுவதற்குத்தான் வகுத்தல்.

முதல் வகுப்பில் பிழைத்தவர் கட்டத்தில் வித்தியாசம் 98.01. அதன் வர்க்கம் சுமார் 9,607. அதை 104.99-ஆல் வகுத்தால் 91.5. அதே வித்தியாசத்தை இறந்தவர் கட்டத்தில் 220.01-ஆல் வகுத்தால் 43.7. மற்ற ஆறு கட்டங்களும் 7.3, 3.5, 11.0, 5.2, 19.1, 9.1 என்று தருகின்றன. எட்டையும் கூட்டினால் 190.4. இதுதான் கை-வர்க்க மதிப்பு. எட்டில் முதல் வகுப்பின் இரண்டு கட்டங்கள் மட்டுமே 135 தந்திருக்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். அட்டவணை எங்கே மிகவும் விலகி நிற்கிறது என்பதை இறுதி விடையைவிட இந்தத் தனித்தனிப் பங்குகள்தான் தெளிவாகக் காட்டும். விடை வந்ததும் இவற்றை அடித்துவிடாமல் வைத்திருப்பது நல்லது.

190.4 பெரிய எண்ணா, சின்ன எண்ணா? கட்டங்கள் கூடக்கூட இந்தக் கூட்டுத்தொகையும் தானாகவே கூடும். எட்டுக் கட்டத்துக்கு வரும் எண்ணையும் நாற்பது கட்டத்துக்கு வரும் எண்ணையும் ஒரே கோலால் அளக்க முடியாது. அப்படியானால் இந்த அட்டவணைக்கு எட்டுக் கட்டத்தின் கோலா? இல்லை. இங்கேதான் கட்டைவிரல் வருகிறது.

படத்தில் ஓர மொத்தங்கள் எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன, உள்ளே இருக்கும் எட்டு எண்களையும் கை மறைத்திருக்கிறது என்று வையுங்கள். விரலை மெல்ல நகர்த்தினால் முதலில் 203 தெரிகிறது. உடனே பக்கத்துக் கட்டத்தைச் சொல்லிவிடலாம்: 325-லிருந்து 203 போக 122. அடுத்து 118 தெரிகிறது. 285-லிருந்து கழித்தால் 167. மூன்றாவதாக 178 தெரிகிறது. 706-லிருந்து கழித்தால் 528. இதற்குமேல் விரலை நகர்த்தவே வேண்டாம். பிழைத்தவர் மொத்தம் 711. தெரிந்த மூன்றின் கூட்டுத்தொகை 499. மிச்சம் 212, அதுதான் ஊழியர். 885-லிருந்து 212 போனால் 673. எட்டும் கைக்கு வந்துவிட்டன.

ஆக, ஓர மொத்தங்கள் நிலையாக இருக்கும்போது இந்த அட்டவணையில் மூன்று எண்கள்தான் தம் இஷ்டப்படி மாற முடியும். மற்ற ஐந்தும் அந்த மூன்றுக்குக் கட்டுப்பட்டவை. அந்த மூன்றுதான் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம். கட்டுப்படாத எண்கள் எத்தனை என்று சொல்வதால் இதைக் கட்டின்மை எண் என்று இங்கே வைத்துக்கொள்ளலாம். வரிசைகளில் ஒன்றைக் குறைத்து, பத்திகளில் ஒன்றைக் குறைத்து, இரண்டையும் பெருக்கு என்று புத்தகம் சொல்வது இதைத்தான். நான்கு வரிசையில் ஒன்று போக மூன்று. இரண்டு பத்தியில் ஒன்று போக ஒன்று. மூன்றை ஒன்றால் பெருக்கினால் மூன்று. ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கட்டம் தானாக நிரம்பிவிடுகிறது, ஒவ்வொரு பத்தியிலும் கடைசிக் கட்டம் தானாக நிரம்பிவிடுகிறது. குறைக்கும் அந்த ஒன்று அதற்குத்தான்.

எந்த மூன்று எண்கள் தெரிந்தாலும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. 203, 122, 118 தெரிந்தால் என்ன ஆகும்? 203-லிருந்தே 122 கிடைத்துவிடுவதால் அந்த இரண்டாவது எண் புதிதாக எதையும் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பும் ஊழியரும் சேர்ந்து 390 பேர் பிழைத்தார்கள் என்று தெரியும், அதில் யார் எத்தனை என்று தெரியாது. ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்து எடுக்க முடியாத மூன்றாக இருக்க வேண்டும்.

இவ்வளவு எளிதாகத் தெரியும் இந்த எண்ணிக்கையைத்தான் இந்தச் சோதனையைக் கண்டுபிடித்தவரே தவறவிட்டார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருந்த கார்ல் பியர்சன் 1900-ல் கை-வர்க்கச் சோதனையை வெளியிட்டார். மொத்தக் கட்டங்களில் ஒன்றைக் குறைத்தால் போதும் என்பது அவர் முடிவு. அவர் வழியில் போனால் டைட்டானிக் அட்டவணைக்கு ஏழு என்று எடுக்க வேண்டும். இரண்டு வரிசையும் இரண்டு பத்தியும் கொண்ட நான்கு கட்ட அட்டவணைக்கு மூன்று.

இது இடிக்கிறது என்று 1915-லேயே இருவர் கவனித்தார்கள். மேஜர் கிரீன்வுட் நோய்ப்பரவல் ஆய்வாளர், மேஜர் என்பது அவருடைய பெயரே, பதவி இல்லை. அட்னி யூல் புள்ளியியலாளர். டைபாய்டு, காலரா தடுப்பூசிகளின் பலனை அலசிய கட்டுரையில் அவர்கள் நான்கு கட்ட அட்டவணைகளைப் போட்டார்கள். ஓர் அட்டவணையில் ஊசி போட்ட 6,815 பேரில் 56 பேருக்கு டைபாய்டு வந்திருந்தது, போடாத 11,668 பேரில் 272 பேருக்கு வந்திருந்தது. இப்படிப்பட்ட கணக்கை இரண்டு வழியில் போடலாம். இரண்டு சதவீதங்களை நேரடியாக ஒப்பிடலாம், அல்லது கை-வர்க்கம் போடலாம். ஒரே தகவலுக்கு ஒரே விடை வர வேண்டும். பியர்சனின் மூன்றை வைத்தால் வரவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் ரொனால்டு ஃபிஷர். ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர், 1922-ல் வெளியிட்ட கட்டுரையில், எதிர்பார்க்கும் எண்ணிக்கைகளைக் கணக்கிட அட்டவணையின் ஓர மொத்தங்களையே எடுத்துப் பயன்படுத்துகிறோம், அப்படி எடுக்கும் ஒவ்வொன்றும் ஒரு கட்டுப்பாடு, அதைக் கழித்தாக வேண்டும் என்று காட்டினார். நான்கு கட்டத்துக்கு மூன்று இல்லை, ஒன்றுதான். பியர்சன் ஒப்புக்கொள்ளவில்லை. காற்றாலையோடு சண்டைக்குப் போன டான் கிஹோத்தேயோடு ஃபிஷரை ஒப்பிட்டு எழுதினார்.

யூல் வாதத்தை விட்டுவிட்டு அவரையை எடுத்தார். பதினாறு அறைகளாகப் பிரித்த சுழலும் தட்டில் அவரை விதைகளை எறிந்து, அறைகளில் விழுந்தவற்றை எண்ணி, எந்தத் தொடர்பும் இல்லாத அட்டவணைகளை உண்டாக்கினார். நான்கு கட்ட அட்டவணைகள் மட்டும் 350. ஒவ்வொன்றுக்கும் கை-வர்க்கம் போட்டுப் பார்த்தார். தொடர்பே இல்லாதபோது கை-வர்க்கத்தின் சராசரி கட்டின்மை எண்ணுக்குச் சமமாக இருக்கும் என்பது கணிதம். பியர்சன் சரி என்றால் சராசரி மூன்றை ஒட்டி வர வேண்டும், ஃபிஷர் சரி என்றால் ஒன்றை ஒட்டி வர வேண்டும். ஒன்றை ஒட்டித்தான் வந்தது.

இப்போது 190.4-க்குத் திரும்பலாம். கட்டின்மை எண் மூன்று. தொடர்பே இல்லாத கப்பலாக இருந்தால் கை-வர்க்கம் சராசரியாக மூன்றை ஒட்டி வரும். நூற்றில் ஐந்து முறைதான் 7.81-ஐத் தாண்டும். ஆயிரத்தில் ஒரு முறைதான் 16.27-ஐத் தாண்டும். இந்த எண்கள் புத்தகத்தின் பின்பக்க அட்டவணையில் இருப்பவை. 190.4 அந்தப் பக்கத்திலேயே இல்லை. தற்செயல் என்று சொல்ல இடமே இல்லை.

இதே அட்டவணைக்குள் எதிர்மாறான ஒரு விடையும் ஒளிந்திருக்கிறது. மூன்றாம் வகுப்பையும் ஊழியரையும் மட்டும் தனியாக எடுத்துக்கொள்வோம். மூன்றாம் வகுப்பில் 25.2 சதவீதம் பிழைத்தார்கள், ஊழியரில் 24 சதவீதம். இருவரும் சேர்ந்து 1,591 பேர், அதில் பிழைத்தவர் 390. எதிர்பார்க்கும் எண்ணிக்கையைப் புதிதாகப் போட வேண்டும், ஏனென்றால் ஓர மொத்தங்கள் மாறிவிட்டன. 706-ஐ 390-ஆல் பெருக்கி 1,591-ஆல் வகுத்தால் 173.06. நடந்தது 178. ஐந்து பேர்கூட வித்தியாசம் இல்லை. நான்கு கட்டங்களையும் சேர்த்தால் கை-வர்க்கம் 0.34. கட்டின்மை எண் ஒன்றுக்கு ஐந்து சதவீத எல்லை 3.84. அதன் பக்கத்தில்கூட வரவில்லை. இந்த இரு கூட்டத்தாருக்கும் இடையே வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல இந்த எண்களில் ஆதாரம் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வித்தியாசமே இல்லை என்று நிரூபித்துவிட்டதாகச் சொல்வது அதிகப்படி.

கணினியில் போடுகிறவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. படத்திலிருந்து அட்டவணையை அப்படியே, மொத்த வரிசையும் மொத்தப் பத்தியும் சேர்த்து உள்ளே தட்டிவிடுவார்கள். மென்பொருளுக்கு அவை மொத்தங்கள் என்று தெரியாது. ஐந்து வரிசை, மூன்று பத்தி என்று எடுத்துக்கொள்ளும். இதில் ஒரு விசித்திரம் நடக்கிறது. கை-வர்க்கம் மாறவே மாறாது, அதே 190.4 வரும். மொத்தங்களைச் சேர்த்ததால் ஒவ்வொரு வரிசையும் ஒவ்வொரு பத்தியும் இரட்டிப்பாகும், எல்லாவற்றின் மொத்தம் நான்கு மடங்காகும். வகுக்கும்போது எல்லாம் அடிபட்டுப் போய், உள்ளே இருக்கும் கட்டங்களுக்கு அதே எதிர்பார்க்கும் எண்ணிக்கை வரும். மொத்தக் கட்டங்களிலோ நடந்ததும் எதிர்பார்த்ததும் ஒன்றாகவே வந்து பூஜ்யம் சேர்க்கும். விடையை நண்பனின் விடையோடு ஒப்பிட்டவர் சரி என்று நிம்மதியாகிவிடுவார். மாறியிருப்பது கட்டின்மை எண் மட்டும்தான்: மூன்றுக்குப் பதில் எட்டு. 190-க்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் நான்கு கட்ட அட்டவணை ஒன்றில் கை-வர்க்கம் 5 என்று வந்திருந்தால், சரியான எல்லை 3.84, வித்தியாசம் உண்டு என்பது முடிவு. மொத்தங்களைச் சேர்த்துப் போட்டவருக்குக் கட்டின்மை எண் நான்கு, எல்லை 9.49, வித்தியாசம் இல்லை என்று முடிவு தலைகீழாகிவிடும். அதனால் கணினி விடையில் முதலில் பார்க்க வேண்டியது `df` என்று இருக்கும் எண்ணைத்தான். R மொழியில் சரியாகத் தட்டினால் இப்படி இருக்கும்:

```
m <- matrix(c(203,118,178,212,
              122,167,528,673), ncol=2)
chisq.test(m)
chisq.test(m)$expected
```

இரண்டாவது கட்டளை `X-squared = 190.4, df = 3` என்று காட்டும். கடைசி வரி எதிர்பார்க்கும் எண்ணிக்கைகளை அச்சிடும். கையால் போட்ட 104.99 அங்கே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

படத்தில் இருப்பது ஆட்களின் எண்ணிக்கையா, சதவீதமா என்பதையும் பார்க்க வேண்டும். சதவீதத்தை எண்ணிக்கைபோல எடுத்துக் கணக்குப் போட்டால், ஒவ்வொரு வகுப்பிலும் சரியாக நூறு பேர் இருந்ததாகத்தான் சோதனை நினைத்துக்கொள்ளும். டைட்டானிக் சதவீதங்களை அப்படிப் போட்டால் கை-வர்க்கம் 190-க்குப் பதில் 41-க்கு இறங்கிவிடுகிறது. சதவீத அட்டவணைக்குக் கீழே பெரும்பாலும் மொத்த ஆட்கள் எத்தனை என்று சின்ன எழுத்தில் இருக்கும். படம் எடுக்கும்போது அந்த வரியும் விழுந்தால் எண்ணிக்கையை மீட்டுவிடலாம்.

வகுப்புக்கும் பிழைத்ததற்கும் தொடர்பு உண்டு என்று சொல்லும் இந்தச் சோதனை, ஏன் என்று சொல்லாது. அன்று இரவு பெண்களையும் குழந்தைகளையும் முதலில் படகில் ஏற்றினார்கள். இருந்த படகுகள் இருபது, அவை தாங்கக்கூடியது 1,178 பேரை. ஊழியர் 885 பேரில் பெண்கள் 23 பேர்தான். ஊழியரில் பிழைத்தவர் குறைவாக இருந்ததற்கு அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதே பெரிய காரணம். ஆண்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் வரிசையே மாறுகிறது. ஊழியரில் 862 ஆண்களில் 192 பேர் பிழைத்தார்கள், நூற்றுக்கு 22. இரண்டாம் வகுப்பில் சிறுவர்களையும் சேர்த்து 179 பேரில் 25 பேர்தான், நூற்றுக்கு 14. படத்தில் இருந்த அட்டவணையில் இரண்டாம் வகுப்பு எதிர்பார்த்ததைவிட 26 பேர் கூடுதலாகப் பிழைத்த வகுப்பாகத் தெரிந்தது. அங்கே இருந்த 106 பெண்களில் 93 பேர் தப்பியதுதான் அதற்குக் காரணம்.

ஆகவே பெண்களுக்கென்று தனி அட்டவணை ஒன்று போட்டுப் பார்க்க வேண்டும். கப்பலில் சிறுமிகளையும் சேர்த்துப் பெண்கள் 470 பேர், இறந்தவர்கள் 126 பேர். ஊழியப் பெண்கள் 23 பேரில் மூவர் இறந்தார்கள். எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே இருந்தால் கை-வர்க்கம் போடக் கூடாது என்று பலரும் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிடுவார்கள். அந்த விதி எதிர்பார்க்கும் எண்ணிக்கைக்குத்தான், நடந்த எண்ணிக்கைக்கு இல்லை. 23-ஐ 126-ஆல் பெருக்கி 470-ஆல் வகுத்தால் 6.17 வருகிறது. ஐந்துக்கு மேல், தாராளமாகப் போடலாம். மூன்றாம் வகுப்பில் பெண்கள் 196 பேர். அவர்களில் இறக்கக்கூடும் என்று எதிர்பார்க்கும் எண்ணிக்கை 52.54. இறந்தவர்கள் 106 பேர். வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி வகுத்தால் அந்த ஒரு கட்டம் மட்டுமே 54.4 தருகிறது. கட்டின்மை எண் இங்கேயும் மூன்றுதான், ஆயிரத்தில் ஒரு முறை தாண்டும் எல்லை அதே 16.27. முதல் வகுப்பில் பெண்கள் 145 பேர், அவர்களில் இறந்தவர்கள் நால்வர்.